வடித்த தண்ணீர் எங்கே போகிறது?

பெங்களூரில் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு சொல்வது என் வேலை. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததுமே ஒரு சாதனையைச் சொல்வார்கள்: "சோத்தை நிறுத்திட்டோம் மேடம்." சர்க்கரை வந்த காலத்தில் யாரோ சொல்லி நிறுத்தியிருப்பார்கள். மதியம் ராகி முத்தே, ராத்திரி சப்பாத்தி என்று ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். அதற்குள் சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும். சோறு மட்டும் திரும்பி வந்திருக்காது. அதைத் திரும்ப வரச் சொல்வதுதான் பல நேரம் என் முதல் வேலை. நான் ஏதோ தவறாகப் படித்துவிட்டு வந்தவள் என்பதுபோலப் பார்ப்பார்கள்.

கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை என் மேஜையிலேயே இருக்கும். அதன்படி 100 கிராம் வெள்ளை அரிசியில் பொட்டாசியம் ஏறக்குறைய 100 மில்லிகிராம். அதே எடை கோதுமை மாவில் 300-ஐத் தாண்டும். ராகியில் 440 அளவுக்கு வரும். பாஸ்பரஸும் அப்படித்தான்: அரிசியில் 100-க்குக் கொஞ்சம் கீழே, ராகியில் அதன் இரு மடங்கு, கோதுமை மாவில் மூன்று மடங்கு. மாவுச்சத்திலோ ராகிக்கும் அரிசிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. சர்க்கரைக்காக ராகி சாப்பிட்டாலும் அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அந்த அளவைச் சோற்றிலும் பார்க்கலாம். அரிசி தவிடு நீக்கித் தீட்டப்பட்டது, அதில் சத்து குறைவு என்று ஊரே குறை சொல்கிறது. பொட்டாசியம் ஏறியவருக்கு அந்தக் குறைவுதான் வசதி. பழுப்பரிசி, சிவப்பரிசி, தினை என்று இப்போது கடை கடையாக விற்பதெல்லாம் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு நல்லது.

ஒருவருடைய கணக்கை முழுக்கச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அல்சூர் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பம். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது, எடை 60 கிலோ. சர்க்கரையால் வந்த சிறுநீரக நோய், நான்காம் நிலை. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ரத்தப் பொட்டாசியம் 5.8. சாதாரணமாக 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும். பாஸ்பரஸ் 5.2, அது 4.5-க்குள் இருக்க வேண்டும். மருத்துவர் டெல்மிசார்டான் மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு, உணவைப் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுக்கிற அந்த வகை மாத்திரைகளே பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். அதற்காக நோயாளி தானாக நிறுத்திவிடக் கூடாது. கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை.

முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். அவரிடம் கேட்டால் "எல்லாம் லைட்டாத்தான்" என்பார். அதனால் மனைவியிடம்தான் கேட்பேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார். பதினொரு மணிக்கு ஒரு இளநீர். மதியம் ராகி முத்தே, பசலைக் கீரையும் துவரம்பருப்பும் போட்ட சொப்பு சாறு. ராத்திரி மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு பல்யா. காபி, பால் என்று நாளுக்கு 300 மில்லி பால். குறை சொல்ல ஒன்றுமில்லாத சாப்பாடு மாதிரிதான் தெரியும்.

கூட்டிப் பார்த்தோம். முத்தேக்கு 100 கிராம் ராகி, 440. கீரையும் பருப்பும் சேர்ந்து 1000-ஐத் தொட்டது. இளநீர் அளவைப் பொறுத்து 600-க்குக் குறையாது. பால் 430, உருளைக்கிழங்கு 450, சப்பாத்தி 290, இட்லியும் சாம்பாரும் 270. மொத்தம் 3500-ஐ ஒட்டி வந்தது. இந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு நாளுக்கு 2000 முதல் 2500 மில்லிகிராம்தான் நான் வைத்துக்கொள்ளும் எல்லை. அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2020-ல் திருத்திய வழிகாட்டி, எல்லோருக்கும் ஒரே எண் என்பதை விட்டுவிட்டு, ரத்த அளவு சரியாக இருக்கும்படி உணவை மாற்றிக்கொள் என்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனாலும் சமையலறைக்கு ஒரு எண் வேண்டியிருக்கிறது.

3500-ம் முழுக் கணக்கு இல்லை. எந்த உப்பு என்று கேட்டேன். "பிரஷருக்கு நல்லதுன்னு லோ சோடியம் உப்புதான் வாங்குறோம் மேடம்." அந்தப் பாக்கெட்டில் சோடியத்தைக் குறைத்த இடத்தை நிரப்புவது பொட்டாசியம் குளோரைடு. ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 520 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. உப்பில் 15 சதவீதம் அது இருந்தால்கூட, நாளுக்கு ஐந்து கிராம் உப்பு சாப்பிடுபவருக்கு 400 மில்லிகிராம் அதிலேயே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பொதுமக்களுக்கு இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. பாக்கெட்டின் முன்பக்கம் இதயப் படம் இருக்கும். எச்சரிக்கை பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண உப்புக்கு மாறி, அளவைக் குறைக்கச் சொன்னேன்.

இளநீரை நிறுத்துவது இதைவிடக் கஷ்டம். இந்த ஊரில் மருத்துவமனை வாசலிலேயே இளநீர் வண்டி நிற்கும். பார்க்க வருகிறவர்கள் கையில் இரண்டு சீவி வாங்கி வருவார்கள். உடம்புக்குக் குளிர்ச்சி, கல்லுக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்களிடம், டயாலிசிஸ் நோயாளிக்கு இது ஆபத்து என்று சொன்னால் காதில் ஏறாது. திங்கள், வியாழன் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இடையில் மூன்று முழு நாள் இடைவெளி வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உறவினர் வருவதும் இளநீர் வருவதும்.

இப்போது சாற்றுக்கு வருகிறேன். இந்த வேலையில் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். பொட்டாசியம் தண்ணீரில் கரையும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் அது காயை விட்டுத் தண்ணீருக்கு இறங்கும். ஆகவே வேகவைத்து வடித்துவிடுங்கள் என்று எல்லா டயட் சீட்டிலும் அச்சடித்திருக்கும். சீட்டில் இல்லாதது, வடித்த தண்ணீர் நம் வீடுகளில் எங்கே போகிறது என்பது. கர்நாடகத்தில் பஸ்ஸாரு என்று ஒன்று செய்வார்கள். கீரையையும் பருப்பையும் வேகவைத்து, தண்ணீரை வடித்து, திப்பியைத் தாளித்துப் பல்யா செய்வார்கள். வடித்த தண்ணீரில் மசாலா அரைத்துவிட்டுச் சாறு. முத்தேயோடு அந்தச் சாறு அமிர்தம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யுகாதிக்கு ஒப்பட்டு செய்கிறபோது பருப்பு வெந்த தண்ணீரில் ஒப்பட்டுச் சாறு வைப்பதும் இதே முறை. நம் வீட்டில் பருப்புத் தண்ணீரை எடுத்து ரசம் வைக்கிறோமே, அதுவும் இதுதான். சீட்டு சொன்னபடி அந்த அம்மா ஒழுங்காக வடித்திருப்பார். வடித்ததை ஒழுங்காக ரசமும் வைத்திருப்பார். கணவர் அதைத் தம்ளரில் ஊற்றிக் குடித்திருப்பார்.

அதனால் பஸ்ஸாரு செய்கிற வீட்டில் நான் அதை நிறுத்தச் சொல்வதில்லை. பல்யா அவருக்கு, சாறு மற்றவர்களுக்கு. அவர் சோற்றைப் பிசைந்துகொள்ள எலுமிச்சை ரசமோ மிளகு ரசமோ ஒரு சின்னக் கரண்டி தனியாக வைத்தால் போதும். புளியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நாலு பேருக்கு ஒரு சிறு எலுமிச்சை அளவு புளி கரைத்தால் ஒருவர் பங்குக்கு வருவது முப்பது மில்லிகிராம் அளவுக்குத்தான். அதைவிட அந்தக் குழம்பில் போட்ட நாலு தக்காளி பெரிய கணக்கு.

வடிப்பதிலும் பக்குவம் இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர்கள், வெறும் ஊறலில் சொல்லும்படியாக எதுவும் இறங்குவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். துண்டு போட்டுக் கொதிக்க வைத்தால் பாதி இறங்குகிறது. துருவிக் கொதிக்க வைத்தால் முக்கால் பங்கு வரை இறங்குகிறது. சூடும், துண்டின் சிறுமையும், தண்ணீரின் அளவும்தான் காரியம். குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு மூன்று விசில் வைத்தால் எல்லாம் உள்ளேயே இருக்கும். திறந்த பாத்திரத்தில், காய் மூழ்கி நீந்தும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, வெந்ததும் சல்லடையில் கொட்டிவிட வேண்டும். பருப்பையும் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, நிறையப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, கெட்டிப் பருப்பைக் கூட்டுக்கு எடுக்கலாம். ருசி குறையும், மறைத்துப் பயனில்லை. கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை என்று தாளிப்பைக் கொஞ்சம் தாராளமாக்கினால் ஈடுகட்டும்.

இதை எல்லாக் காய்க்கும் செய்யச் சொன்னால் எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நடக்காது. அதனால் காயையே மாற்றுவது சுலபம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் எல்லாம் பொட்டாசியம் குறைந்தவை. என் கட்சி சௌசௌ. தமிழ்நாட்டில் பெங்களூர் கத்திரிக்காய் என்று கேட்டு வாங்குகிற அதே காய். 100 கிராமுக்கு 125 மில்லிகிராம்தான். கூட்டு, பொரியல், துவையல் எதற்கும் ஒத்துக்கொள்ளும், விலையும் மலிவு. மார்கழி, தையில் மட்டும் இந்த ஊரில் என் பேச்சு எடுபடாது. அவரைக்காய்ப் பருவம் அது. வி.வி. புரத்தில் மேளாவே நடக்கும். தோலுரித்த ஹிதுகவரே சாறு கொதிக்கிற வீட்டில் பீர்க்கங்காயைப் பற்றி யார் பேசுவது? வேகவைத்து வடித்த பருப்பில் இரண்டு கரண்டி, சாறு வேண்டாம், அன்று வேறு பருப்பும் வேண்டாம் என்று பேரம் பேசி முடிப்பேன்.

அல்சூர்க்காரருக்கு எழுதிக் கொடுத்தது இது. காலையில் இட்லி மூன்று இருக்கட்டும், சாம்பாருக்குப் பதில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, வடித்தது; வெந்தால் 300 கிராம் வரும். 20 கிராம் பருப்பை இறுத்துப் போட்ட சௌசௌ கூட்டு, சின்னக் கரண்டி ரசம், அரைத் தம்ளர் மோர். ராத்திரி 75 கிராம் அரிசிச் சோறு, புடலங்காய்ப் பொரியல், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. முட்டை சாப்பிடுகிற வீடு என்பதால் இது முடிந்தது. பால் 300-லிருந்து 150 மில்லி. பழம் என்றால் அரை ஆப்பிள் அல்லது ஒரு துண்டு அன்னாசி. கூட்டினால் 1500 மில்லிகிராமைச் சுற்றித்தான் வந்தது. புரதம் 40 கிராம். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் 60 கிலோ ஆளுக்கு அது போதும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் இந்தச் சீட்டு செல்லாது. அப்போது கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். பழைய சீட்டையே பிடித்துக்கொண்டு மெலிந்து போகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். சோறு கூடியதால் ரத்தச் சர்க்கரையை முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே பார்த்துக் குறிக்கச் சொன்னேன். இன்சுலின் அளவை அதை வைத்து மருத்துவர் திருத்தினார்.

பத்து நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.9. மாத்திரையைக் குறைத்ததும் இதில் சேர்த்தி, எல்லாப் புகழும் சௌசௌவுக்கு இல்லை. பாஸ்பரஸ் மட்டும் 5.1-லேயே நின்றது.

பாஸ்பரஸ் வேறு சாதி. எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு உடம்பில் ஏறுகிறது என்பதுதான் அங்கே கேள்வி. ராகி, கோதுமை, பருப்பில் இருப்பது பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற கட்டில் இருக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி நம் குடலில் இல்லாததால் பாதியோ அதற்கும் குறைவோதான் ஏறும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அந்தக் கட்டு கொஞ்சம் தளரும். பால், இறைச்சியில் இருப்பது அதைவிடக் கூடுதலாக ஏறும். தொழிற்சாலையில் பதப்படுத்தச் சேர்க்கிற பாஸ்பேட் உப்போ கிட்டத்தட்ட முழுதாக ஏறிவிடும். அதனால்தான் ராகியைப் பொட்டாசியத்துக்காகக் கோபிக்கிற நான், பாஸ்பரஸ் விஷயத்தில் அதன்மேல் அவ்வளவு கோபப்படுவதில்லை.

அவர் வீட்டில் எங்கே கசிகிறது என்று தேடினோம். சாயங்காலம் பேரனோடு உட்கார்ந்து சீஸ் ஸ்லைஸ் போட்ட சாண்ட்விச், வாரத்தில் மூன்று நாளாவது அரை பாட்டில் கோலா. முதல் நாள் பட்டியலில் இது வரவில்லை, ஏனென்றால் அது "சாப்பாடு இல்லையே மேடம்." பாக்கெட்டின் பின்புறம் 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் அது பாஸ்பேட். கோலாவில் 338, சீஸ் ஸ்லைஸில் 339 அல்லது 452 கண்ணில் படும். பேக்கிங் பவுடரிலும் 450 வரலாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டிகூட எண் படிப்பார் என்பதால் இந்த ஏழையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து மளிகைக் கடைக்கு அனுப்புவேன். சாண்ட்விச்சுக்குப் பதில் சாயங்காலம் தாளித்த பொரி அல்லது அரிசி உப்புமா.

பிறகு மாத்திரை. பாஸ்பரஸைக் கட்டிப்போட மருத்துவர் கால்சியம் அசிடேட்டோ செவலமரோ எழுதியிருந்தால், அது சாப்பாட்டோடு வயிற்றில் இருந்தால்தான் வேலை செய்யும். உணவிலிருக்கும் பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதுதான் அதன் வேலை. காலையில் வெறும் வயிற்றில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. இவர் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். சோற்றின் இரண்டாவது கவளத்தோடு போடுங்கள் என்றேன். அடுத்த மாதம் 4.4.

காய்கறியையே பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் கைவிட்ட பிறகு பொட்டாசியத்தில் ஒரு பங்கைப் பெருங்குடல்தான் வெளியே தள்ளுகிறது. அந்த வழியும் அடைத்தால் ரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் சரியான அளவில் இருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் சீட்டைப் பார்த்து யாரும் வாழைப்பழத்தை விட வேண்டாம். நட்சத்திரப் பழம் மட்டும் விதிவிலக்கு. உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தள்ளுவண்டியில் விற்கிறார்களே, அந்தப் பழத்திலிருக்கும் நஞ்சு சிறுநீரகம் பழுதானவரின் மூளையைத் தாக்கும். எந்த நிலையிலும் ஒரு துண்டுகூடக் கூடாது.

பொட்டாசியம் ஏறுவது பல நேரம் வெளியே தெரியாது. சிலருக்குக் கால் துவண்டுபோகும், நாடி மெதுவாகும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மடக்கியதால் அல்லது ரத்த அணுக்கள் குழாயில் உடைந்ததால் எண் பொய்யாக ஏறுவதும் உண்டு. அது பொய்யா மெய்யா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. ரிப்போர்ட்டில் 6-க்கு மேல் பார்த்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுத்துவிடுங்கள். சௌசௌ நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். எண் இறங்கி, உணவைப் பேச என்னைப் போன்ற ஒருவரிடம் வரும்போது, வீட்டு உப்புப் பாக்கெட்டையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சமைக்கிறவரையும் கூடவே அழைத்து வாருங்கள்.